கோபத்தில் அனுப்பிய வாட்ஸ்அப்பை ஒப்பந்த ரத்து நோட்டீஸாக எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு சமூக ஹாலின் கமிட்டியில் செயலாளராக இருக்கிறேன். கல்யாணம், பதினாறாம் நாள், பிறந்தநாள் என்று வார இறுதியில் ஹால் காலியாக இருப்பது அபூர்வம். 2025இல் எங்கள் மேஜை விரிப்புகளைத் துவைத்துத் தந்த லாண்டரியோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மற்ற ஹால்காரர்களும் கோயில் கமிட்டிக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தென்னாப்பிரிக்காவுக்குப் பொருந்துவது. பெரிய தொகை மாட்டியிருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

"நீங்க முதல்ல அனுப்பின மெசேஜ் எப்படி இருந்துச்சு? அதையே கொஞ்சம் மரியாதையா மாத்தி அனுப்பக்கூடாதா?"

செப்டம்பர் 13, சனிக்கிழமை காலையில் எங்கள் பொருளாளர் லாண்டரிக்காரருக்கு அனுப்பியது இது:

"அண்ணா, இது மூணாவது தடவை. போன வாரம் 36 துணி குறைச்சல், கேட்டா தேடறேன்னு சொல்றீங்க. நேத்து ராத்திரி ஏழு மணிக்கு வருது வேன். பொண்ணோட அம்மா என்னைப் பிடிச்சுக் கேக்கறாங்க. உங்களுக்குக் கூச்சமே இல்லையா? இதோட போதும், கான்ட்ராக்ட் கேன்சல். பாக்கிக் காசு ஒரு சதம் வராது. நீங்க எப்படின்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்றேன்."

மரியாதை குறைவு என்பது இதில் சின்னக் குறைதான். "கூச்சமே இல்லையா" என்ற வரியை எடுத்துவிட்டு, "தயவுசெய்து" சேர்த்து அனுப்பியிருந்தாலும் நாங்கள் மாட்டிக்கொண்டிருப்போம். எங்கள் ஒப்பந்தத்தின் 11ஆம் ஷரத்து, ஒருவர் தவறினால் மற்றவர் எழுத்தில் சொல்லி 7 வேலை நாள் அவகாசம் தர வேண்டும், அதற்குள் சரிசெய்யாவிட்டால்தான் ரத்து செய்யலாம் என்கிறது. அந்த அவகாசத்தைத் தராமல் "கேன்சல்" என்று சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. உரிமை இல்லாமல் ரத்து என்று அறிவிப்பது, ஒப்பந்தத்தை நாமே மதிக்க மறுக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளப்படலாம். அப்படியானால் ஒப்பந்தத்தை முறித்துவிட்டு நஷ்டஈடு கேட்கும் உரிமை லாண்டரிக்காரருக்குப் போய்விடும். தவறு செய்தவர் கை ஓங்கிவிடும்.

அடுத்த வரி, "பாக்கிக் காசு ஒரு சதம் வராது." அவர் ஒழுங்காகத் துவைத்துக் கொடுத்த வாரங்களுக்கு நாங்கள் பணம் தந்தே ஆக வேண்டும். கடைசி வரி வெறும் மிரட்டல். அதை நிறைவேற்றப் போனால் அவதூறு வழக்கில் முடியும்.

"வாட்ஸ்அப்புக்கெல்லாம் சட்டத்துல மதிப்பு உண்டா? சும்மா கோபத்துல சொன்னதுதானே?"

உண்டு. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் (எண் 25) மின்னணுச் செய்தியையும் எழுத்தாகவே ஏற்கிறது. 2014இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்பிரிங் ஃபாரஸ்ட் டிரேடிங் எதிர் வில்பெரி வழக்கில் இன்னும் ஒரு படி போனது. அந்த ஒப்பந்தத்தை இருவரும் சேர்ந்து முடித்துக்கொள்வதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. இரு தரப்பும் இமெயிலில் பேசி முடித்துக்கொண்டார்கள். இமெயிலின் அடியில் பெயரைத் தட்டியிருந்ததே கையெழுத்துதான், ஒப்பந்தம் முடிந்தது முடிந்ததுதான் என்று தீர்ப்பு வந்தது.

எங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லாண்டரிக்காரர் அந்த மெசேஜுக்கு "சரி, முடிஞ்சுது" என்று பதில் போட்டிருந்தால், இரு தரப்பும் ஒத்துப்போய்ப் பிரிந்துவிட்டதாக அவர் வாதிட்டிருக்கலாம். தொலைந்த 36 துணிக்குப் பணம் கேட்கும்போது, "அதான் எல்லாம் பேசி முடிச்சாச்சே" என்று நிற்பார். நல்ல வேளை, அவர் பதிலே போடவில்லை.

"அந்த மெசேஜ் போயிடுச்சு. டெலீட் பண்ணிட்டா போதுமா?"

டெலீட் செய்ய வேண்டாம். அவர் ஏற்கனவே படம் எடுத்து வைத்திருப்பார். நீங்கள் அழித்தது மட்டும்தான் புதிதாகக் கேள்விக்கு வரும்.

எழுத்திலேயே திருத்திவிடுங்கள். திங்கட்கிழமை நாங்கள் அனுப்பிய முதல் நோட்டீஸின் முதல் பத்தியே அதுதான்: "செப்டம்பர் 13 அன்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ரத்து அறிவிப்பு அல்ல. ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. அதன்படி செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்துவோம்." பொருளாளருக்கு இதில் வருத்தம்தான். ஆனால் இந்த மூன்று வாக்கியம் இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

"கோபத்தில் எழுதியதிலிருந்து நோட்டீஸுக்கு எதை எடுப்பது, எதை விடுவது?"

ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள்: தேதி, நடந்தது, ஷரத்து எண். மெசேஜின் ஒவ்வொரு வரியையும் இந்த மூன்று கட்டத்திலும் நிரப்பப் பாருங்கள். மூன்றும் நிரம்பும் வரிதான் நோட்டீஸுக்குப் போகும்.

"மூணாவது தடவை" என்பது மூன்று தேதியாகப் பிரிந்தது. ஆகஸ்ட் 22 வெள்ளிக்கிழமை வர வேண்டியது சனி காலை 9:40க்கு வந்தது, ஷரத்து 4. செப்டம்பர் 5 அன்று 120 விரிப்புக்குப் பதில் 84 வந்தது, ஷரத்து 7. செப்டம்பர் 12 அன்று மாலை 4 மணிக்குப் பதில் 7 மணிக்கு வந்தது, மறுபடி ஷரத்து 4. இந்த நேரங்களையெல்லாம் நினைவிலிருந்து எழுதவில்லை. வேன்காரர் கொண்டுவரும் டெலிவரி நோட்டில் எங்கள் காவலாளி நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள்கள் இல்லையென்றால் இந்த நோட்டீஸே இல்லை.

"கூச்சமே இல்லையா" என்ற வரிக்குத் தேதியும் இல்லை, ஷரத்தும் இல்லை, போய்விட்டது. "பொண்ணோட அம்மா கேக்கறாங்க" என்பது எனக்கும் மனசைக் குத்திய விஷயம்தான். கல்யாண வீட்டுக்காரர் முகத்தில் முழிக்க முடியாமல் நின்றவன் நான். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த அம்மாவுக்கு இடமில்லை. அதை எழுதினால், லாண்டரிக்காரர் நேரத்தைப் பற்றிப் பேசாமல் அந்த அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அதையும் விட்டுவிட்டோம்.

"எப்பவும் லேட்", "ஒரு தடவையாவது ஒழுங்கா வந்தது உண்டா" போன்ற வார்த்தைகளில் ஜாக்கிரதையாக இருங்கள். மார்ச்சிலிருந்து எத்தனையோ வெள்ளிக்கிழமை அவர் சரியாகக் கொண்டுவந்திருக்கிறார். "எப்பவும்" என்று எழுதினால் அந்த ஒரு சொல்லைப் பொய் என்று காட்டி, மீதியையும் சந்தேகிக்க வைப்பார். மூன்று தேதியைச் சொன்னால் மறுக்க இடமில்லை.

"முதல் தடவை நாங்களே 'பரவாயில்ல'ன்னு சொல்லிட்டோமே, அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?"

எங்களுக்கும் இதே சிக்கல். ஆகஸ்ட் 23 அன்று பொருளாளர், "சரிண்ணா, பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்குங்க" என்று போட்டிருந்தார். உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டோம், டெலிவரி நேரத்தையே தளர்த்திவிட்டோம் என்று அவர் சொல்லலாம்.

எங்கள் ஒப்பந்தத்தின் 16ஆம் ஷரத்து, இருவரும் எழுத்தில் கையெழுத்திட்டால் தவிர எந்த மாற்றமும் செல்லாது, ஒருவர் பொறுத்துப்போவது உரிமையை விட்டதாக ஆகாது என்கிறது. இப்படிப்பட்ட ஷரத்து செல்லும் என்று 1964இல் ஷிஃப்ரன் வழக்கில் தீர்ப்பானது, இன்றும் அதுதான் நிலை. ஆனாலும் முழு பாரத்தையும் அதன் மேல் வைக்கவில்லை. மேலே சொன்ன இமெயில் தீர்ப்புக்குப் பிறகு, "அதுவும் எழுத்துதானே" என்று எதிர்த்தரப்பு கேட்க முடியும். அதனால் ஆகஸ்ட் 22ஐ நடந்ததாக மட்டும் பதிந்துவிட்டு, சரிசெய்யச் சொல்லிக் கேட்டதைச் செப்டம்பர் 5, 12 தேதிகளின் மேல் நிறுத்தினோம்.

"முதல் நோட்டீஸ்லயே ரத்துன்னு போட முடியாதா? எதுக்கு ரெண்டு நோட்டீஸ்?"

ஒப்பந்தத்தில் அவகாசம் தரச் சொல்லியிருந்தால் முடியாது. முதல் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தத் தவறு, எதைச் செய்தால் சரியாகும், எந்தத் தேதிக்குள். பலர் நடுவில் உள்ளதை விட்டுவிடுகிறார்கள். "உங்கள் சேவையை மேம்படுத்துங்கள்" என்று எழுதினால், மேம்படுத்திவிட்டேன் என்று அவர் சொல்லும்போது மறுக்க வழியில்லை. நாங்கள் எழுதியது: "குறையும் 36 விரிப்புகளை ஹாலில் ஒப்படைக்க வேண்டும். செப்டம்பர் 19 வெள்ளி டெலிவரி மாலை 4 மணிக்குள் வந்து சேர வேண்டும்." செய்தாரா இல்லையா என்பதை எண்ணியே பார்த்துவிடலாம்.

நாள் கணக்கில்தான் நிறைய நோட்டீஸ் அடிபடுகிறது. செப்டம்பர் 15 திங்களன்று இமெயில் போனது. 16, 17, 18, 19 என்று நாலு நாள். சனி, ஞாயிறு கிடையாது. 22, 23 சேர்த்து ஆறு. 24 பாரம்பரிய தினம், பொது விடுமுறை, அதையும் சேர்க்கக்கூடாது. ஆக ஏழாவது நாள் 25 வியாழன். 24ஐச் சேர்த்து எண்ணி 25ஆம் தேதி காலையிலேயே ரத்து நோட்டீஸ் அனுப்பியிருந்தால், அவகாசம் முடியும் முன்பே ரத்து செய்தவர்கள் ஆகியிருப்போம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் சந்தேகம் வந்தால் ஒரு நாள் கூடவே கொடுங்கள். கூடக் கொடுத்த நாளால் நஷ்டமில்லை. நோட்டீஸிலும் "7 வேலை நாள்" என்று மட்டும் விடாமல், "அதாவது செப்டம்பர் 25, வியாழன் முடிய" என்று தேதியை எழுதுங்கள்.

நாள் பார்த்ததில் இன்னொரு காரணமும் உண்டு. 17ஆம் தேதி புரட்டாசி பிறந்தது. இங்கே புரட்டாசி விரதம் வீட்டுக்கு வீடு உண்டு, கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஹாலில் பூஜையும் சாப்பாடும் மட்டும்தான். வேறு லாண்டரி தேடவும் பழக்கவும் அந்த ஒரு மாதம் கிடைத்தது.

"ரத்து நோட்டீஸ் முழுசா ஒண்ணு காட்டுங்களேன்."

19ஆம் தேதி வேன் 6:30க்கு வந்தது. 25 முடிந்தும் 36 துணி வரவில்லை. 26 வெள்ளி காலை 9 மணிக்கு அனுப்பியது இது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்ததால் நோட்டீஸும் ஆங்கிலத்தில்தான் போனது. ஒப்பந்தம் எந்த மொழியோ அந்த மொழியில், அதன் சொற்களையே எடுத்து எழுதுவது நல்லது. தமிழில் அதன் சாரம்:

"பொருள்: 2025 மார்ச் 1 தேதியிட்ட மேஜை விரிப்புச் சலவை ஒப்பந்தம் ரத்து.

1. மேற்கண்ட ஒப்பந்தத்தின் 11ஆம் ஷரத்தின்படி, செப்டம்பர் 15 அன்று தங்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தோம். அதன் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

2. ஷரத்து 7இன்படி ஒப்படைக்க வேண்டிய 36 விரிப்புகளைச் செப்டம்பர் 25க்குள் தரக் கேட்டிருந்தோம். அவை வரவில்லை. ஷரத்து 4இன்படி செப்டம்பர் 19 மாலை 4 மணிக்கு வர வேண்டிய டெலிவரி 6:30க்கு வந்தது. டெலிவரி நோட்டு இணைக்கப்பட்டுள்ளது.

3. எனவே 11ஆம் ஷரத்து தரும் உரிமைப்படி ஒப்பந்தத்தை இந்த நோட்டீஸ் மூலம் ரத்து செய்கிறோம். ரத்து உடனே நடைமுறைக்கு வருகிறது.

4. செப்டம்பர் 22 அன்று தாங்கள் எடுத்துச்சென்ற 84 விரிப்புகளை இன்று மாலை 4 மணிக்குள் ஹாலில் ஒப்படைக்கவும். அவற்றின் சலவைக் கூலி கீழேயுள்ள பாக்கியில் அடங்கும்.

5. உரிய நாளிலிருந்து 14 நாளுக்குள் திரும்பாத விரிப்பு தொலைந்ததாகக் கருதப்பட்டு, ஒன்றுக்கு 150 ரேண்ட் தரவேண்டும் என்பது ஷரத்து 10. 36 விரிப்புக்கு 5,400 ரேண்ட். நாங்கள் தங்களுக்குத் தரவேண்டிய செப்டம்பர் கூலி 3,600 ரேண்ட். கழித்தது போகத் தாங்கள் செலுத்த வேண்டியது 1,800 ரேண்ட். அக்டோபர் 10க்குள் செலுத்தவும்.

6. எங்கள் மற்ற உரிமைகள் அனைத்தும் அப்படியே உள்ளன."

மூன்றாவது பத்தியைக் கவனியுங்கள். "ரத்து செய்ய வேண்டியிருக்கும்", "ரத்து பற்றி யோசிக்கிறோம்" என்று எழுதினால் அது ரத்து ஆகாது. "செய்கிறோம்" என்று ஒரே வார்த்தையில் முடிய வேண்டும். "தொடர்ந்து இப்படி நடந்தால்" என்று நிபந்தனையும் சேர்க்காதீர்கள். முதல் நோட்டீஸ் எச்சரிக்கை, இரண்டாவது முடிவு. இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெடும்.

ஐந்தாவது பத்தியில், செப்டம்பர் 6 கல்யாணத்துக்கு அவசரமாக விரிப்பு வாடகைக்கு எடுத்த செலவையும் சேர்க்கலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். 1962ஆம் ஆண்டின் ஒப்பந்த அபராதச் சட்டப்படி, ஒரே தவறுக்கு ஒப்பந்தத்தில் குறித்த தொகையையும் வாங்கிக்கொண்டு நஷ்டஈடும் கேட்க முடியாது. வாடகைச் செலவு தனி நஷ்டம் என்று வாதாட இடமிருக்கலாம். ஆனால் நோட்டீஸில் வாதத்துக்கு இடமில்லாத எண் மட்டும் இருக்கட்டும் என்று விட்டோம்.

"மேலே 'வித்தவுட் பிரெஜுடிஸ்'னு போடணுமாமே?"

போடாதீர்கள். அது சமரசப் பேச்சுக்கான முத்திரை. அப்படிப் பேசியதைப் பொதுவாக நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. ரத்து நோட்டீஸைக் காட்டியே ஆக வேண்டும். நம் உரிமையைக் காக்க 6ஆம் பத்தி போதும்.

"இமெயில்ல அனுப்பினா போதுமா, கையில கொடுக்கணுமா?"

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் முகவரி என்று ஒரு ஷரத்து இருக்கும், எங்களதில் 14. அதில் சொன்ன இமெயிலும் சொன்ன தெரு முகவரியும்தான் கணக்கு. தினமும் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் எண் அதில் இல்லை. நாங்கள் அந்த இமெயிலுக்கு அனுப்பினோம், அச்சிட்ட பிரதியைக் கடையில் கொடுத்து நகலில் கையெழுத்தும் நேரமும் வாங்கினோம். வாட்ஸ்அப்பில் "இமெயில் பாருங்க அண்ணா" என்று ஒரு வரி மட்டும். ஹால் குரூப்பில் போடவில்லை. மூன்றாவது ஆளுக்குப் போனால்தான் அவதூறு என்ற பேச்சே வரும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரோ, கமிட்டித் தீர்மானத்தில் அதிகாரம் பெற்றவரோதான் நோட்டீஸில் கையெழுத்திட வேண்டும். மெசேஜ் எழுதிய பொருளாளருக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது அப்புறம்தான் எங்களுக்கே தெரிந்தது.

"எங்க ஒப்பந்தத்துல ரத்து பத்தி ஒரு வரியும் இல்லை. என்ன பண்றது?"

அப்போதும் பொதுச் சட்டம் இருக்கிறது, ஆனால் வழி கொஞ்சம் நீளம். தவறு ஒப்பந்தத்தின் அடிப்படையையே தொட வேண்டும். தாமதம்தான் தவறு என்றால், நியாயமான ஒரு கெடு வைத்து, அதற்குள் செய்யாவிட்டால் ரத்து செய்வோம் என்று தெளிவாகச் சொன்ன பிறகே ரத்து. அந்த "ரத்து செய்வோம்" என்ற எச்சரிக்கை முதல் கடிதத்தில் இல்லையென்றால் இரண்டாவது கடிதம் நிற்காது.

"நுகர்வோர் சட்டத்துல 20 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியே வந்துடலாம்னு சொல்றாங்களே?"

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அது. குறிப்பிட்ட காலத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தை, 20 வேலை நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துக் காரணம் சொல்லாமலே முடிக்கலாம். சப்ளையர் நியாயமான ஒரு கட்டணம் கேட்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் சங்கம், கம்பெனி, டிரஸ்ட் போன்ற அமைப்புகளாக இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. நாங்கள் சங்கம், லாண்டரி ஒரு கம்பெனி. அதனால் எங்களுக்கு அந்த வழி அடைபட்டது.

"1,800 ரேண்ட் தராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகலாமா?"

20,000 ரேண்ட் வரை அங்கே போகலாம், ஆனால் தனி ஆட்கள்தான் வழக்குப் போடலாம். சங்கமோ கம்பெனியோ அங்கே வழக்குப் போட முடியாது, அவர்கள் மேல்தான் போடலாம். நாங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்திருக்கும். அவர் அக்டோபர் 9 அன்று கட்டிவிட்டார்.

"நோட்டீஸ் போன பிறகு அவர் வந்து கெஞ்சினார். திரும்ப எடுத்துக்கலாமா?"

எங்களிடமும் வந்தார். பழைய பழக்கம், ஒரே ஊர்க்காரர், சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சரியாகச் செய்த ரத்தைத் தனியாக ஒரு தரப்பு வாபஸ் வாங்க முடியாது. மறுபடி சேர விரும்பினால் புதிய ஒப்பந்தம்தான், இருவரும் கையெழுத்திட்டு. அதற்கு முன்பு "இந்த ஒரு வாரம் மட்டும் துவைச்சுக் குடுங்க" என்று துணியை அனுப்பிவிடாதீர்கள். ஒப்பந்தம் இன்னும் ஓடுகிறது என்று அவர் நினைக்க நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். அவரிடம் டீ கொடுத்து, கார்த்திகைக்குப் பிறகு புது விலைப்பட்டியல் கொடுங்கள், கமிட்டியில் வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.